மங்கிப்போன தெர்மல் ரசீதிலிருந்து எழுத்தை மீட்டு வரிவரியாகப் படியெடுப்பது எப்படி?

மிக்ஸிக்கு இரண்டு ஆண்டு உத்தரவாதம் இருக்கிறது. மோட்டார் நின்றுபோனதும் பில்லைத் தேடி எடுத்தால், கையில் வருவது ஏறக்குறைய வெள்ளைத் தாள். கடையின் பெயர் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் நிழல் தெரிகிறது. கீழே ஓரிரு எண்கள் தெரிவதுபோலவும் தெரியாததுபோலவும் இருக்கின்றன. இந்த நிலையில் உள்ள பில்லிலிருந்து எவ்வளவு மீட்கலாம், மீட்டதை எப்படி நம்பகமாக எழுதி வைக்கலாம் என்பதை இந்த ஒரு பில்லையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் செய்யக் கூடாதவை. பென்சிலாலோ பேனாவாலோ எழுத்தின் மேல் வரையாதீர்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துவிடும். செலோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை எழுத்தை மேலும் அழிக்கும். சானிடைசர் பூசிய ஈரக் கையால் தொடாதீர்கள். அதிலுள்ள ஆல்கஹால் தாளில் கறை உண்டாக்கும். தாளின் பூச்சில் உள்ள பிஸ்பீனால் வகைப் பொருள்களும் ஈரக் கையில் கூடுதலாக ஏறும். உலர்ந்த, எண்ணெய்ப் பசையற்ற கையால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிடுங்கள்.

எழுத்து ஏன் மறைந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

தெர்மல் பிரிண்டரில் மை கிடையாது. தாளின் மேற்பூச்சிலேயே நிறமற்ற ஒரு சாயமும், அதை நிறம் மாற்றும் அமிலத்தன்மையுள்ள ஒரு பொருளும் தனித்தனித் துகள்களாக இருக்கின்றன. பிரிண்டரின் சூடான முனை பட்ட இடத்தில் இரண்டும் உருகிக் கலந்து கறுப்பாகின்றன. இந்தச் சேர்க்கை நிரந்தரமானது அன்று. எண்ணெய், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள்கள், ஈரப்பதம், வெயில் ஆகியவை இரண்டையும் பிரித்துவிட்டால் சாயம் மறுபடி நிறமற்றதாகிவிடும். எழுத்து தாளை விட்டுப் போய்விடவில்லை. பெரும்பாலும் நிறத்தைத்தான் இழந்திருக்கிறது. மீட்பதற்கு இடம் இருப்பது இதனால்தான்.

மணிபர்ஸின் பிளாஸ்டிக் உறையிலோ வழவழப்பான பிளாஸ்டிக் கோப்பு உறையிலோ வைத்திருந்த பில்தான் மிக மோசமாக மங்கியிருக்கும். வெயில் படும் இடத்தில் கிடந்த பில்லில் வெளியே தெரிந்த பகுதி மட்டும் மங்கி, மடிப்புக்குள் இருந்த பகுதி நன்றாக இருக்கும். எழுத்து மறையாமல் தாள் சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால், அது சூடு அல்லது ஆல்கஹால் பட்டதன் விளைவு. அப்போது கீழே சொல்லும் கணினி வேலை மட்டும் செய்யுங்கள். சூடு காட்டும் வேலை அறவே வேண்டாம்.

தாளின் நீளவாக்கில், எல்லா வரிகளிலும் ஒரே இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் அது மங்கல் அன்று. பிரிண்டர் முனையில் ஒரு புள்ளி வேலை செய்யவில்லை என்று பொருள். அந்த இடத்தில் எதுவுமே அச்சாகவில்லை. என்ன செய்தாலும் அங்கே எதுவும் வராது.

சூட்டுக்கு முன்னால் ஸ்கேன்

தாளுக்கு எந்தத் தீங்கும் செய்யாத வழி முதலில், திரும்பிப் போக முடியாத வழி கடைசியில். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

கண்ணாடி மூடியுள்ள தட்டையான ஸ்கேனரில் பில்லை வைத்து, 600 டிபிஐ அளவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். தாளை உருளைகளுக்குள் இழுத்துச் செல்லும் வகை ஸ்கேனர் வேண்டாம். கறுப்பு-வெள்ளை முறையும், தானாகத் திருத்தும் எந்த வசதியும் வேண்டாம். போனில் உள்ள ஆவண ஸ்கேன் செயலிகள் பின்னணியைத் தூய வெள்ளையாக்குவதற்காக மெல்லிய நிழலைத்தான் முதலில் துடைக்கும். நமக்கு வேண்டியதோ அந்த நிழல்தான். கோப்பைப் பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவில் சேமியுங்கள். ஜேபிஜி வடிவில் சேமித்தால் மங்கிய எழுத்தின் ஓரங்களில் இல்லாத புள்ளிகள் தோன்றும்.

ஸ்கேனர் இல்லையென்றால் போன் கேமரா போதும். ஃப்ளாஷ் இல்லாமல், நேர் வெயில் படாத சன்னலோர வெளிச்சத்தில், போனை அசையாமல் நிறுத்தி, பில்லை மூன்று நான்கு பகுதிகளாக நெருக்கத்தில் எடுங்கள். பிறகு விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி வைத்து மறுபடி எடுங்கள். சில தாள்களில் சூடுபட்ட இடத்தின் பளபளப்பு சுற்றியுள்ள பகுதியிலிருந்து சற்றே வேறுபடும். நிறம் முழுக்கப் போன பிறகும் அந்த வேறுபாடு சாய்வெளிச்சத்தில் எழுத்தாகத் தெரியும்.

ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புறஊதா டார்ச் கிடைத்தால் இருட்டறையில் அதையும் பாருங்கள். சில தாள்கள் ஒளிரும்போது எழுத்து இருந்த இடம் ஒளிராமல் கறுப்பாகத் தெரியும். படம் எடுத்தவுடன் அணைத்துவிடுங்கள். அந்த ஒளியே மிச்சமிருக்கும் நிறத்தையும் வெளுக்க வைக்கும், கண்ணுக்கும் நல்லதன்று.

நிழலை எழுத்தாக்குவது

இதற்கு ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். மங்கிய கறுப்பு பெரும்பாலும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறி நிற்கிறது. மஞ்சள் நிறம் நீல ஒளியை உறிஞ்சுகிறது. அதனால் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரித்து நீலத்தை மட்டும் பார்த்தால், கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிந்த நிழல் கருஞ்சாம்பலாகத் தெரியும். `Colors → Components → Decompose` என்ற கட்டளையில் RGB என்று தேர்ந்தெடுங்கள். மூன்று அடுக்குகள் கிடைக்கும். பெரும்பாலும் நீலம்தான் கைகொடுக்கும். எழுத்து பச்சையாகவோ சிவப்பாகவோ வெளுத்திருந்தால் மற்றவற்றில் ஒன்று மேலாக இருக்கும். மூன்றையும் பார்த்துவிட்டு நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டு அடுக்குகளையும் நீக்கிவிடுங்கள்.

அடுத்து, தாளின் சீரற்ற பின்னணியைச் சமன்படுத்த வேண்டும். மடிப்பு, கறை, வெளிச்ச வேறுபாடு ஆகியவை எழுத்தை விடக் கறுப்பாக இருந்தால் எவ்வளவு அழுத்தம் கூட்டினாலும் அவைதான் முன்னால் வரும். தேர்ந்தெடுத்த அடுக்கை `Layer → Duplicate Layer` மூலம் நகலெடுங்கள். மேலே உள்ள நகலை `Filters → Blur → Gaussian Blur` மூலம், எழுத்து முற்றிலும் கரைந்து பின்னணி மட்டும் மிஞ்சும் அளவுக்குக் கலங்கச் செய்யுங்கள். 600 டிபிஐ படத்துக்கு 40 பிக்சலில் தொடங்கலாம். பிறகு அந்த அடுக்கின் Mode என்பதை Divide என மாற்றுங்கள். கலங்கிய பின்னணியால் மூலப்படம் வகுக்கப்பட்டு, கறைகள் அடங்கி, எழுத்து மட்டும் சற்று இருண்டு நிற்கும். `Image → Flatten Image` கொடுத்து இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

இப்போது `Colors → Levels`. அங்கே தெரியும் வரைபடத்தில் வலது கோடியில் ஒரு பெரிய குன்று இருக்கும். அதுதான் வெள்ளைத் தாள். அதன் இடது அடிவாரத்தில் நீளும் மெல்லிய வால்தான் எழுத்து. கறுப்பு முக்கோணத்தை அந்த வால் தொடங்கும் இடம்வரை வலப்பக்கம் நகர்த்துங்கள். வெள்ளை முக்கோணத்தைக் குன்றின் உச்சிக்குக் கொண்டு வாருங்கள். எழுத்து எழும்பி வருவதை இந்த இடத்தில்தான் காண்பீர்கள். கூர்மையாக்கும் கருவிகளை இதற்கு மேல் பயன்படுத்த வேண்டாம். அவை தாளின் சொரசொரப்பைக்கூட எழுத்தின் கோடுபோல ஆக்கிக் காட்டும்.

சூடு காட்டுவது: கடைசி வழி

கணினியில் எதுவுமே வரவில்லை, பில்லோ கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் இது. ஸ்கேன் கோப்பு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தாளின் வகையைப் பொறுத்து ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் பூச்சு கறுக்கத் தொடங்கும். அப்போது எழுத்து இருந்த இடமும் வெறும் இடமும் ஒரே வேகத்தில் கறுப்பதில்லை. சில தாள்களில் பழைய எழுத்து முந்திக்கொண்டு கறுக்கும். பல தாள்களில் நேர்மாறாக, பின்னணி சாம்பலாகி எழுத்து வெள்ளையாகவே நிற்கும். இரண்டுமே நமக்குப் பயன்படும். வெள்ளை எழுத்து வந்தால் படத்தில் `Colors → Invert` கொடுத்துத் திருப்பிக்கொள்ளலாம்.

பில்லின் அடியில் அச்சில்லாத ஓரம் இருந்தால், அதிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி முதலில் அதில் சோதித்துப் பாருங்கள். பில்லைக் கவிழ்த்து வைத்து, தலைமுடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பின்பக்கத்தில் அசைத்துக்கொண்டே காட்டுங்கள். சில விநாடிக்கு ஒருமுறை நிறுத்தித் திருப்பிப் பாருங்கள். தாளை நிறுத்திப் பிடிக்க இன்னொருவர் உதவினால், முன்பக்கத்தைத் தொடக்கத்திலிருந்தே போனில் வீடியோவாக எடுப்பது இன்னும் நல்லது. எழுத்து தெளிவாகத் தெரியும் கட்டம் சில விநாடிகளே நீடித்துவிட்டுக் கறுப்பில் மூழ்கிவிடக்கூடும். வீடியோவில் அது தங்கிவிடும். வெளிர்சாம்பல் வந்ததும் நிறுத்துங்கள். இஸ்திரிப் பெட்டி, அடுப்பு, மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம்; அவற்றின் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது.

பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் கிடந்த தாளில் பூச்சே கெட்டுப்போய், சூடு காட்டினாலும் கறுக்காமல் இருக்கலாம். சோதனைத் துண்டு கறுக்கவில்லை என்றால் சூட்டைக் கூட்டிப் பார்க்காதீர்கள், அங்கேயே விட்டுவிடுங்கள்.

கட்டம் போட்டுப் படிப்பது

பலரும் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கண்ணை இடுக்கிப் படிக்கிறார்கள். அதைவிடப் பல மடங்கு உதவுவது கட்டம். பெரும்பாலான பில் பிரிண்டர்கள் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொடுக்கின்றன. ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள். வழக்கமான எழுத்தின் அகலம் 12 புள்ளிகள், அதாவது 1.5 மில்லிமீட்டர். கடைக்காரர்கள் இரண்டு அங்குல ரோல் என்று சொல்லும் 58 மில்லிமீட்டர் தாளில் ஒரு வரிக்கு 32 எழுத்துகளும், மூன்று அங்குல ரோல் எனப்படும் 80 மில்லிமீட்டர் தாளில் 48 எழுத்துகளும் வரும்.

ஜிம்பில் `Image → Configure Grid` திறந்து, ஸ்கேன் செய்த படம் என்றால் அகலத்தை 1.5 மில்லிமீட்டர் எனக் கொடுங்கள். போனில் எடுத்த படம் என்றால், தெளிவாகத் தெரியும் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளின் தொடக்கங்களுக்கு இடையே உள்ள தூரத்தைப் பிக்சலில் அளந்து கொடுங்கள். `View → Show Grid` கொடுத்ததும் பில்லின் மேல் கட்டங்கள் விழும். தெளிவாகத் தெரியும் ஓர் எழுத்து கட்டத்துக்குள் சரியாக அமரும்படி, அதே Configure Grid சாளரத்தில் Offset எண்ணை மாற்றிக் கட்டத்தை நகர்த்திப் பொருத்துங்கள். மற்ற எழுத்துகளும் ஒவ்வொரு கட்டத்திலும் அமர்ந்தால் வழி சரி. அமராவிட்டால் அந்தப் பில் வேறு எழுத்தளவிலோ, படமாகவோ அச்சானது. அதற்குக் கட்டம் உதவாது.

கட்டம் பொருந்திவிட்டால் எங்கே எழுத்து இருக்க வேண்டும், எங்கே வெற்றிடம் என்பது தெளிவாகிவிடும். தொகைகள் வலது ஓரத்தில் முடிவதால் பைசா, புள்ளி, ரூபாய் ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் விழும் என்றும் முன்கூட்டியே தெரியும். நம் மிக்ஸி பில் 58 மில்லிமீட்டர் தாள். அதில் படிக்க முடிந்தது இவ்வளவுதான்:

```
BILL NO 1_47       DT _8/0_/2024
TAXABLE VALUE            33_9.83
CGST 9%                   3_5.08
SGST 9%                   3_5.08
ROUND OFF                   0.01
TOTAL                    _0_0.00
```

படிக்க முடியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அடிக்கோடு, வெற்றிடத்துக்கு வெற்றிடம். பில்லில் ஒரு வரி இருந்தால் உங்கள் படியிலும் ஒரு வரி. இரண்டு வரியை ஒன்றாக இணைக்காதீர்கள், எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாதீர்கள். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் எழுத்துருவில் தட்டச்சு செய்தால், ஏதாவது விட்டுப்போயிருந்தால் வலது ஓரம் கலைந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஐயமான எண்ணை எப்படி முடிவு செய்வது? மங்கும்போது புள்ளிகள் குறையுமே தவிர, கூடுவதில்லை. எனவே 8-இன் இடப்பக்கக் கோடுகள் போய்விட்டால் அது 3 போலத் தெரியும். ஆனால் 3 மங்கி 8 ஆக முடியாது. இதேபோல் 6 மங்கினால் 5 ஆகத் தோன்றலாம், E என்பது F ஆகவும் R என்பது P ஆகவும் தோன்றலாம். கறை இல்லாத இடத்தில் 8 என்று தெரிந்தால் அது 8தான். 3 என்று தெரிந்தால்தான் ஐயப்பட வேண்டும். அதே பில்லில் தெளிவாக இருக்கும் ஒரு 3-ஐயும் ஒரு 8-ஐயும் வெட்டிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரே பிரிண்டரில் ஒரே எழுத்து எப்போதும் ஒரே புள்ளிகளால் ஆனது. மேலே TAXABLE VALUE வரியின் 28ஆம் கட்டத்தில் 3 போன்ற வளைவு தெரிந்தாலும் அடிக்கோடு போட்டது இதனால்தான்.

கணக்கே சாட்சி

இனி அந்த எண்ணைக் கணக்கால் பிடிக்கலாம். வரிக்கு முந்தைய தொகை 33_9.83. அதில் 9 சதவீதம் 3_5.08 என முடிய வேண்டும். விடுபட்ட இடத்தில் 3 போட்டால் 3339.83, அதில் 9 சதவீதம் 300.58. பொருந்தவில்லை. 8 போட்டால் 3389.83, 9 சதவீதம் 305.08. பொருந்துகிறது. 9 போட்டால் 305.98 வரும், ரூபாய் ஒத்துப்போனாலும் பைசா ஒத்துப்போகவில்லை. 0 முதல் 9 வரை எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள், 8 ஒன்று மட்டுமே நிற்கும். வரி இரண்டு முறை 305.08, கூட்டினால் 3999.99. முழு ரூபாயாக்கச் சேர்த்த 0.01 உடன் 4000.00. மொத்தத் தொகையின் ரூபாய் இலக்கங்களில் தெரிந்த இரண்டு சுழியங்களும் அதே இடத்தில் இருக்கின்றன.

மத்திய வரியும் மாநில வரியும் ஒரே தொகை என்பதால், ஒரு வரியில் மங்கிய எண் இன்னொரு வரியில் தெரியவும் கூடும். இரண்டையும் எப்போதும் சேர்த்தே படியுங்கள்.

கடையின் ஜிஎஸ்டி எண்ணுக்கும் இப்படி ஒரு சட்டகம் உண்டு. மொத்தம் 15 இடங்கள். முதல் இரண்டு மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. பதினான்காவது இடத்தில் வழக்கமாக Z இருக்கும். ஆக, ஐந்தாவது இடத்தில் 8 போலத் தெரிவது B-ஆகத்தான் இருக்க முடியும். ஒன்பதாவது இடத்தில் S போலத் தெரிவது 5-ஆகத்தான் இருக்க முடியும்.

கணக்கு தேதியைச் சொல்லாது. _8/0_/2024 என்பது 08, 18, 28 என்ற மூன்று நாள்களில் ஒன்றாகவும் ஒன்பது மாதங்களில் ஒன்றாகவும் இருக்கலாம். பில் எண்ணும் அப்படித்தான். இவற்றை யூகித்து நிரப்புவது தவறு. வங்கிக் கணக்கு விவரத்தில் 18/06/2024 அன்று 4000 ரூபாய் அந்தக் கடைக்குப் போயிருந்தால், அது தெரியும் இலக்கங்களோடு ஒத்துப்போகிறது என்று தனியாகக் குறிப்பெழுதுங்கள். பில்லின் வரிக்குள் அதைச் செருகாதீர்கள்.

கண்ணால் கண்டதை மட்டும் கொண்ட முதல் படியை அப்படியே வைத்துக்கொண்டு, கணக்கால் நிரப்பியதற்கு இரண்டாம் படி ஒன்று எழுதுங்கள். கல்வெட்டுப் பதிப்புகளில் சிதைந்த எழுத்தைச் சதுர அடைப்புக்குள் தருவதுபோல, நீங்கள் நிரப்பியது எது என்று பார்த்தவுடன் தெரியவேண்டும்:

```
TAXABLE VALUE 33[8]9.83
CGST 9% 3[0]5.08
SGST 9% 3[0]5.08
ROUND OFF 0.01
TOTAL [4]0[0]0.00
```

எதை முதலில் மீட்பது

நேரமோ தாளோ குறைவாக இருந்தால் எல்லா வரிகளையும் துரத்த வேண்டாம். ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி ஆகிய மூன்றுக்கும் முதலிடம் கொடுங்கள். ஜிஎஸ்டி பதிவுள்ள கடை, தன் கணக்குப் பதிவுகளை அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே பில் எண்ணில் ஓர் இலக்கம் தெரியாவிட்டாலும், தேதியும் தொகையும் சொன்னால் கடையின் கணினியில் தேடி நகல் எடுத்துத் தர வாய்ப்பு உண்டு.

உத்தரவாதம் கேட்டுப் போகும்போது மூலத் தாள், திருத்தாத ஸ்கேன், தெளிவாக்கிய படம், இரண்டு படிகள், வங்கி விவரம் ஆகியவற்றை இந்த வரிசையில் சேர்த்துக் கொடுங்கள். படியெடுத்தது பில்லுக்கு மாற்றாகாது. தாளில் உள்ளதைப் படிக்க உதவும் துணை ஆவணம் என்று அதன் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். மூலத் தாளைத் திரும்ப வாங்கியதும் பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் சாதாரணக் காகித உறையில், இருட்டான, சூடில்லாத இடத்தில் வையுங்கள். பக்கத்தில் இன்னொரு தெர்மல் பில்லை முகத்தோடு முகம் ஒட்டி வைக்க வேண்டாம்.